பெரியம்மாவின் போனில் ஆறு பேர்

வயதானவர்கள் பலர் போனில் பெயரைத் தேடி அழைப்பதில்லை. கடைசியாகப் பேசியவர்களின் பட்டியலைத் திறந்து, தெரிந்த பெயர் எங்கே வருகிறது என்று விரலால் தள்ளிக்கொண்டே போய் அழைக்கிறார்கள். காலையில் மகன் பேசியிருந்தால் அவன் பெயர் மேலே நிற்கும். மத்தியானம் கடன் வேண்டுமா என்று இரண்டு பேர், கூரியர்காரர் ஒருவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருவர் என்று அழைத்துவிட்டால் மகன் கீழே இறங்கிவிடுவான். சாயங்காலம் அவனைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியைத் தேட வேண்டும்.

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மா இப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்து நான்கு. கையில் சாதாரண ஆண்ட்ராய்டு போன். "பேரெல்லாம் ஓடிக்கிட்டே இருக்குப்பா, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றார். ஃபேவரிட்ஸ் பட்டியல் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. யார் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் இடம் மாறாத பட்டியல் அது. இந்த வசதி எல்லா போனிலும் வருடக்கணக்கில் இருக்கிறது. நட்சத்திரத்தைத் தொட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தொட்டுவிட்டு விட்டால், அவசரத்துக்கு உதவாத பட்டியலாகவும் அது ஆகிவிடக்கூடும். பெரியம்மாவின் போனில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, யாரைச் சேர்ப்பது. உறவில் நெருக்கமானவர்களை எல்லாம் சேர்க்கத்தான் மனம் போகும். பெரியம்மாவும் ஒரு காகிதத்தில் இருபது பெயர் எழுதி வைத்திருந்தார். இருபது பேரைச் சேர்த்தால் மறுபடியும் விரலால் தள்ளித் தேடுகிற பட்டியல்தான் கிடைக்கும். திறந்ததும் ஒரே திரையில் அத்தனை பேரும் தெரிய வேண்டும். அதற்கு ஆறு, மிஞ்சினால் எட்டு பேர்தான் சரிப்படும். நான் அவரிடம் இரண்டே கேள்வி கேட்டேன். அழைத்தால் யார் எடுப்பார்கள்? எடுத்தவர்களில் யார் அரை மணி நேரத்தில் வீட்டு வாசலுக்கு வர முடியும்? முதல் கேள்விக்குச் சென்னையில் இருக்கும் அண்ணன், சிங்கப்பூரில் இருக்கும் அக்கா, பெரியம்மாவின் தங்கையான என் அம்மா என்று மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டு ஆசிரியை, வழக்கமாக வரும் ஆட்டோக்காரர், மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற மருந்துக்கடைக்காரர். இந்தப் பின் மூவரும் அவர் எழுதிய இருபதில் இல்லவே இல்லை. தினமும் பார்க்கிறவர்கள் என்பதால் போனில் வைக்கத் தோன்றவில்லை. வேலைக்கு ஆவது இவர்கள்தான்.

108, 112 போன்ற எண்களையும் இதில் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். நான் சேர்க்கவில்லை. ஃபேவரிட்ஸில் கை பட்டவுடன் அழைப்பு போய்விடும். மகன் படத்துக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் இருந்தால் என்றாவது ஒருநாள் விரல் தவறிப் போய்விடும். மூன்று இலக்க எண்தான், அதை விசைகளில் அழுத்திப் பழகிக்கொள்வதே நல்லது. 112-ஐ போன் பூட்டியிருக்கும்போதே அழைக்கவும் முடியும்.

பெயர்கள் முடிவானதும் நேரே நட்சத்திரத்துக்குப் போகக் கூடாது. அந்தப் பெயர் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்களின் போனில் பாதிப் பெயர்கள் சிம் கார்டில்தான் இருக்கும். பழைய பட்டன் போனில் போட்டிருந்த சிம்மை அப்படியே புதிய போனுக்கு மாற்றியிருப்பார்கள். சிம்முக்குள் பெயரையும் எண்ணையும் தாண்டி அதிகம் வைக்க முடியாது. படம் வைக்க முடியாது, பெயரும் நீளமாக இருக்கக் கூடாது. நட்சத்திரமும் ஒட்டாது. ஒரு பெயரைத் திறந்தால் மேலே நட்சத்திரமே காணவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கூகுளின் Contacts செயலியில் Organise என்ற பகுதிக்குள் Import from SIM என்று இருக்கும். அதைத் தொட்டால் சிம்மில் உள்ள பெயர்கள் கூகுள் கணக்குக்கு வந்துவிடும். அதன்பின் நட்சத்திரம் தெரியும்.

அந்தக் கூகுள் கணக்கு யாருடையது என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் அம்மா அப்பாவுக்குப் போன் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள், அவசரத்துக்குத் தங்கள் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெரியம்மாவின் போனிலும் அண்ணனின் கணக்குதான் இருந்தது. அதனால் அண்ணனின் அலுவலகத்துக்காரர்கள், வாடிக்கையாளர்கள், யார் யாரோ பிளம்பர்கள் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் பெரியம்மாவின் போனுக்குள் இருந்தன. அவர் பெயர் தேடி அழைக்காததற்கு இதுவே பெரிய காரணம். விஷயம் அதோடு நிற்காது. ஒரே கணக்கு இரண்டு போனில் இருந்தால், ஒன்றில் வைத்த நட்சத்திரம் இன்னொன்றிலும் விழும். பெரியம்மாவின் ஆட்டோக்காரர் அண்ணனின் ஃபேவரிட்ஸில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே அண்ணன் "இது யார்" என்று நட்சத்திரத்தை எடுத்தால் இங்கே பெரியம்மாவின் பட்டியலில் ஒரு முகம் காணாமல் போகும். நாம் ஒன்றுமே செய்யாமல் பட்டியல் தானாக மாறுகிறது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். பெரியம்மாவின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, வேண்டிய பெயர்களை அதில் சேமித்து, அண்ணன் கணக்கின் பெயர்கள் அந்தப் போனுக்கு வராதபடி நிறுத்தினோம். அன்றைய வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான்.

அடுத்தது ஒவ்வொரு பெயருக்குள்ளும் இருக்கும் எண்கள். அண்ணன் பெயருக்குக் கீழே மூன்று எண்கள் கிடந்தன. ஒன்று இப்போதையது, ஒன்று பழைய கம்பெனி கொடுத்தது, இன்னொன்று யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருந்தால், ஃபேவரிட்ஸில் அவர் படத்தைத் தொட்டதும் எந்த எண் என்று போன் கேட்கும். அவசரத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி ஒரு தடை. ஒரு எண்ணை வழக்கமானதாகக் குறித்துவைக்க வழி உண்டு என்றாலும், பழைய எண்களை அழித்துவிடுவதே சரி. ஒரு பெயர், ஒரு எண். வெளிநாட்டு எண்ணானால் முன்னால் நாட்டுக் குறியீடு இருக்க வேண்டும். உள்ளூர் எண்களையும் +91 சேர்த்தே சேமித்துவிட்டால், நாளை பெரியம்மா சிங்கப்பூர் போய் அங்கிருந்து அழைக்கும்போதும் அதே எண் வேலை செய்யும்.

பெயரைத் தமிழில் எழுதினோம். "சென்னை பெரியவன்" என்று அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே. படம் வைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். குடும்பத்தோடு கோயில் வாசலில் எடுத்த படத்தை வைத்தால், அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு முகமும் புரிவதில்லை. முகம் மட்டும் நிறையும்படி வெட்டி வைக்க வேண்டும். பின்னணி வெறும் சுவராக இருந்தால் இன்னும் நல்லது. மருந்துக்கடைக்காரரின் முகத்துக்குப் பதில் கடைப் பலகையைப் படம் எடுத்து வைக்கச் சொன்னார் பெரியம்மா. பச்சைப் பலகை. ஆறு படங்களில் அதைத்தான் அவர் சட்டென்று கண்டுபிடிக்கிறார்.

இவ்வளவும் ஆன பிறகு நட்சத்திரம் வைப்பது ஒரு நிமிட வேலை. பெயரைத் திறந்தால் மேலே வலது ஓரத்தில் நட்சத்திரம் வெற்றாகத் தெரியும். தொட்டால் நிறைந்துவிடும். கூகுளின் Phone செயலியில் முன்பெல்லாம் Favourites என்று கீழே தனியாக ஒரு பகுதி இருந்தது. 2025-இல் வந்த மாற்றத்தில் அதைச் சமீபத்திய அழைப்புகளோடு சேர்த்து Home என்று ஆக்கிவிட்டார்கள். ஃபேவரிட்ஸ் முகங்கள் இப்போது அந்தத் திரையின் உச்சியில் வரிசையாக நிற்கின்றன. திடீரென்று ஃபேவரிட்ஸ் காணாமல் போய்விட்டது என்று அப்போது பலர் பதறினார்கள். நட்சத்திரங்கள் அப்படியேதான் இருந்தன, வாசல்தான் இடம் மாறியது. சாம்சங் போனில் பெயர்ப் பட்டியலின் மேலேயே நட்சத்திரம் வைத்தவர்கள் வந்து நிற்பார்கள்.

ஐபோனில் முறை கொஞ்சம் வேறு. அங்கே Favourites பகுதியில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, பெயரைத் தேர்ந்தெடுத்து, அவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சாதாரண அழைப்பா, வீடியோவா, எந்த எண் என்று. ஐபோனில் ஃபேவரிட் என்பது ஆளை மட்டும் குறிப்பதில்லை, அந்த ஆளின் குறிப்பிட்ட ஓர் எண்ணைக் குறிக்கிறது. ஆகவே ஒருவர் எண்ணை மாற்றினால் பழைய ஃபேவரிட்டை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துவிடுவது பாதுகாப்பு. ஒரே ஆளை இரண்டு முறை, வெவ்வேறு எண்ணோடு சேர்க்க முடிவதும் இதனால்தான்.

சிங்கப்பூர் அக்காவின் விஷயத்துக்குத் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. ஃபேவரிட்ஸில் அவர் படத்தைத் தொட்டால் ஆண்ட்ராய்டு போன் சாதாரண அழைப்பைத்தான் போடும். அது ஐ.எஸ்.டி. உள்ளூர் ரீசார்ஜ் மட்டும் போட்டிருக்கிற சிம்மில் அந்த அழைப்பு போகாது, அல்லது தனிக் கட்டணம் பிடிக்கும். பெரியம்மாவோ "அவ எடுக்கவே மாட்டேங்கிறா" என்று நினைத்துக்கொள்வார். அக்காவோடு அவர் பேசுவது எப்போதும் வாட்ஸ்ஆப்பில்தான். அதனால் அக்காவுக்கு நட்சத்திரம் வைத்ததோடு நிறுத்தாமல், வாட்ஸ்ஆப்பில் அவருடைய உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் More என்பதற்குள் இருக்கும் Add shortcut-ஐத் தொட்டோம். அக்காவின் முகம் போனின் முகப்புத் திரைக்கு வந்துவிட்டது. அதைத் தொட்டால் அவரோடான உரையாடல் திறக்கும். மேலே போன் படத்தைத் தொட்டால் அழைப்பு. இரண்டு தொடுதல்தான். வாட்ஸ்ஆப்புக்குள்ளேயே 2024-இல் தனியாக ஒரு ஃபேவரிட்ஸ் வசதி வந்தது. அழைப்புகள் பகுதியின் மேலே அவர்கள் நிற்பார்கள். ஆனால் போனில் வைத்த நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றில் சேர்த்தவர் இன்னொன்றில் வரமாட்டார்.

முகப்புத் திரையில் முகத்தைக் கொண்டுவந்து வைப்பது சாதாரண அழைப்புக்கும் முடியும். வெற்றிடத்தை அழுத்திப் பிடித்தால் Widgets என்று வரும். அதில் Contacts பகுதிக்குள் Direct dial என்பதை இழுத்து வைத்து, பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அண்ணனையும் பக்கத்து வீட்டு ஆசிரியையும் மட்டும் இப்படி வைத்தோம். ஆறு பேரையும் வைக்கவில்லை. தொட்டவுடன் அழைப்பு போய்விடும் என்பதால், போனைக் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பவருக்கு அது தொந்தரவு. எண் மாறினால் இந்த ஐகானையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கலாம்.

சோதித்துப் பார்க்க ஆட்டோக்காரர் படத்தைத் தொட்டதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. எந்த சிம்? இரண்டு சிம் போட்ட போனில் இது வழக்கம். இரண்டாவது சிம் ரீசார்ஜ் இல்லாமல், பழைய எண் போய்விடக் கூடாதே என்பதற்காக மட்டும் கிடந்தது. அதைத் தொட்டால் அழைப்பு போகாது. Phone செயலியின் அமைப்புகளில் Calling accounts என்று ஒன்று இருக்கும். அதில் எப்போதும் எந்த சிம்மில் அழைக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி நின்றுவிடும். படம், பெயர், நட்சத்திரம் எல்லாம் சரியாக இருந்தும் "போன் போகமாட்டேங்குது" என்று சொல்கிறவர்களின் போனில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இதுவரை சொன்னது பெரியம்மா அழைப்பதைப் பற்றி. அவர் அழைத்தால் மறுமுனையில் மணி அடிக்க வேண்டுமே. அண்ணன் இரவு பத்து மணிக்கு Do Not Disturb போட்டுவிட்டுத் தூங்குகிறவர். பெரியம்மா இரவு இரண்டு மணிக்கு ஒரே தொடுதலில் அழைத்தாலும் அங்கே சத்தம் வராது. நட்சத்திரத்தின் இரண்டாவது உபயோகம் இங்கேதான் இருக்கிறது, பலருக்கும் இது தெரியாது. ஆண்ட்ராய்டில் Do Not Disturb அமைப்புக்குள் போய், யாருடைய அழைப்புகள் மட்டும் வரலாம் என்ற இடத்தில் Starred contacts என்று தேர்ந்தெடுத்தால், நட்சத்திரம் வைத்தவர்கள் அழைத்தால் மட்டும் மணி அடிக்கும். ஐபோனிலும் Focus அமைப்பில் Favourites என்று தேர்ந்தெடுக்கலாம். ஆகவே பெரியம்மாவின் போனில் அண்ணனுக்கு நட்சத்திரம் வைத்தது பாதி வேலை. அண்ணன் போனில் பெரியம்மாவுக்கு நட்சத்திரம் வைத்தது மீதி.

அதில் பெரியம்மாவின் எண்ணை மட்டும் சேர்த்தால் போதாது. அவர் விழுந்துவிட்டால் அழைக்கப்போவது பக்கத்து வீட்டு ஆசிரியை, அவருடைய போனிலிருந்து. அந்த எண் அண்ணனிடம் சேமிக்கப்படவே இல்லை. அதையும் சேமித்து நட்சத்திரம் வைத்தோம். முன்பின் தெரியாத யாராவது அழைக்க நேர்ந்தால் என்ன செய்வது? அதற்கும் இரண்டு போனிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே எண்ணிலிருந்து கொஞ்ச நேரத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கவிடும் வசதி. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும். ஆசிரியையிடம் "எடுக்கலன்னா உடனே இன்னொரு தடவை போடுங்க டீச்சர்" என்று சொல்லிவைத்தேன்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. Do Not Disturb வேறு, போனை சைலன்ட்டில் வைப்பது வேறு. ஆண்ட்ராய்டு போனை சைலன்ட்டிலோ வைப்ரேட்டிலோ வைத்துவிட்டால் நட்சத்திரத்தால் அதை மீற முடியாது. இரவில் மணிச் சத்தத்தைக் குறைக்காமல் விட்டு, Do Not Disturb மட்டும் போட்டுக்கொண்டால்தான் இது வேலை செய்யும். ஐபோனில் ஒரு குறிப்பிட்ட பெயருக்கு ரிங்டோன் வைக்கும் இடத்தில் Emergency Bypass என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் சைலன்ட்டில் இருந்தாலும் அவர் அழைக்கும்போது மணி அடிக்கும். பெற்றோரைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் ஐபோன் வைத்திருந்தால் இன்றே இதைப் போட்டுவிட வேண்டும் என்பேன். எந்த போனானாலும் அமைத்து முடித்ததும் பக்கத்து அறையிலிருந்து ஒருமுறை அழைத்துக் கேட்டுவிடுங்கள். அண்ணன் போனில் முதல் முறை மணி அடிக்கவில்லை. நட்சத்திரம் வைத்த பெயரில் பெரியம்மாவின் பழைய எண் இருந்தது.

ஃபேவரிட்ஸால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அது பூட்டுக்கு உள்ளே இருக்கும் பட்டியல். பெரியம்மா கடைத்தெருவில் மயங்கி விழுந்தால், தூக்கிவிடுகிற யாருக்கும் அந்தப் போனைத் திறக்க முடியாது. நட்சத்திரம் வைத்த ஆறு பேரும் உள்ளேயே இருப்பார்கள். அதற்கு அவசரத் தொடர்பு என்று வேறொரு பட்டியல் உண்டு. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் Safety and emergency பகுதியிலும், ஐபோனில் Health செயலியின் Medical ID-யிலும் அதை எழுதலாம். போன் பூட்டியிருக்கும்போது காட்டலாம் என்ற அனுமதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பூட்டுத் திரையில் Emergency என்பதைத் தொடுகிறவருக்கு அந்தப் பெயர்கள் தெரியும். அதில் ஆசிரியையின் பெயரை முதலிலும் அண்ணன் பெயரை அடுத்தும் எழுதினோம். ரத்த வகையும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதும் அதிலேயே எழுத இடமிருக்கிறது.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. 2 முதல் 9 வரை ஒவ்வொரு விசைக்கும் ஒரு பெயரைக் கொடுத்து, அதை அழுத்திப் பிடித்தால் அழைப்பு போகும் ஸ்பீடு டயல் வசதி பெரும்பாலான பட்டன் போன்களில் இருக்கிறது. 1 வழக்கமாக வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். எந்த விசை யாருக்கு என்று ஒரு சீட்டில் எழுதிப் போனின் பின்னால் ஒட்டிவிட வேண்டும்.

பெரியம்மாவுக்கு இன்னொரு வருடத்தில் வேறு போன் மாறும். தனிக் கணக்கில் சேமித்திருப்பதால் ஆறு பெயர்களும் படங்களும் நட்சத்திரங்களும் அந்தக் கணக்கைப் போட்டதும் புதிய போனுக்கு வந்துவிடும். முகப்புத் திரையில் வைத்த முகங்கள், எந்த சிம்மில் அழைப்பது என்ற முடிவு, பூட்டுத் திரையில் தெரியும் அவசரத் தொடர்பு ஆகியவை தானாக வரும் என்று நம்பிவிட முடியாது. அவற்றைப் புதிய போனில் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அண்ணன் ஒரு தாளில் எழுதி, பெரியம்மாவின் பீரோவில் பேங்க் பாஸ்புக் இருக்கும் உறைக்குள் வைத்திருக்கிறார்.